மகளுக்குச் சர்க்கரை, எனக்குப் பத்தியம்

எங்கள் குடும்பத்தில் பரம்பரைச் சொத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீடு, அதன் மாடியில் மழைக்கு ஒழுகும் ஓர் அறை, அப்பாவின் சாய்வு நாற்காலி, அப்புறம் சர்க்கரை. முதல் மூன்றுக்கும் அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சுவார்த்தை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான்காவதை மட்டும் அவரவர் பங்கைச் சண்டையில்லாமல் வாங்கிக்கொண்டோம்.

மாப்பிள்ளைக்கு வெளிமாநிலத்தில் வேலை என்பதால் மகள் தலைப்பிரசவத்துக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டாள். வந்த கையோடு ஆறாம் மாதப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லவில்லை. எப்போது சாப்பிட்டிருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம். பஸ் பிடித்து வரும் கர்ப்பிணியைப் பட்டினி போடாமல் சோதிக்கும் இந்த முறையை நம் நாட்டில் பரவச் செய்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐக் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாள் என்று இந்தியாவில் கடைப்பிடிக்கிறார்கள். இரண்டு மணி நேர ரத்தத்தில் 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு. மகளுக்கு 156.

"குடும்பத்துல யாருக்காவது சுகர் உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டார். என் மனைவி வாயைத் திறக்கவில்லை. கழுத்தை மட்டும் என் பக்கம் திருப்பினாள். மகளும் திருப்பினாள். பக்கத்தில் பி.பி. பார்த்துக்கொண்டிருந்த நர்ஸும் திருப்பினார். அந்த அறையில் எனக்கு முன்னால் மாட்டியிருந்த குழந்தைப் படம் ஒன்றுதான் என்னைக் குற்றம் சாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா நல்லவர். எனக்காகவும் கொஞ்சம் வாதாடினார். கர்ப்பம் வளர வளர நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை தாயின் உடம்பில் இன்சுலினை வேலை செய்யவிடாமல் மறிக்கின்றன. பெரும்பாலானவர்களுக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். சிலருக்கு அவ்வளவு முடியாமல் போகும். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது அதற்குள்ள வாய்ப்பைக் கூட்டும். ஆனால் அப்பா ஒருவரே காரணமில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்று நினைத்தேன். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

"உங்க ரத்தத்துல இருக்கிற சர்க்கரை நஞ்சுக்கொடி வழியா பிள்ளைக்குப் போகும், உங்க இன்சுலின் போகாது" என்று மகளிடம் விளக்கினார். "வந்த சர்க்கரையைச் செரிக்கப் பிள்ளையே நிறைய இன்சுலின் சுரக்கும். அதனால பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும், பிறந்ததும் அதுக்குச் சர்க்கரை சட்டுன்னு இறங்கும். அதுக்குத்தான் இவ்வளவு கட்டுப்பாடு. ரெண்டு வாரம் சாப்பாட்டை மாத்திப் பார்ப்போம். வீட்டுலயே பார்த்து எழுதிட்டு வாங்க."

எழுதிக்கொண்டு வரச் சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓர் அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு பால் கணக்கும் சலவைக் கணக்கும் தவிர நாட்டுக்கு என் சேவை தேவைப்படவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே நீள நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, வெறும் வயிறு, காலை உணவுக்குப் பின், மதியத்துக்குப் பின், இரவுக்குப் பின், என்ன சாப்பிட்டது, குறிப்பு என்று ஏழு பத்திகள் போட்டு, சிவப்பு மையில் கோடு இழுத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரிபார்த்தவர்' என்று கையெழுத்துக்கு இடமும் விட்டேன்.

"அது எதுக்குப்பா?" என்றாள் மகள்.

"பின்னால ஆட்சேபணை வரக் கூடாதுல்லா."

இலக்குகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே. எழுதும்போதே எனக்குக் கை கூசியது. வெறும் வயிற்றில் 125 வந்தால் பாயசம் வைத்துக் கொண்டாடுகிறவன் நான். கர்ப்பிணிக்கு அளவுகோலே வேறு. வயிற்றில் பிள்ளை இல்லாத சர்க்கரைக்காரருக்குப் பரவாயில்லை என்று விடும் எண், கர்ப்பிணிக்குப் பரவாயில்லை ஆகாது. "என் கணக்குப்படி 110 எல்லாம் நல்ல நம்பர்" என்று வீட்டுப் பெரியவர் யாராவது சொன்னால், உங்கள் கணக்கை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

குளுக்கோமீட்டர் ஏற்கெனவே என்னிடம் ஒன்று இருந்தது. பெருந்தன்மையோடு நீட்டினேன். மகள் வாங்கவில்லை. ஒருவர் விரலைக் குத்திய ஊசியையும் அந்த ஊசி மாட்டும் பேனாவையும் இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ரத்தத்தால் பரவும் நோய்களுக்கு அப்பா மகள் உறவெல்லாம் தெரியாது. அதனால் அவளுக்குப் புது மீட்டர், புது ஊசிப் பேனா, புது ஸ்ட்ரிப் டப்பா. என் பழைய மீட்டர் அலமாரியில் கிடந்தது; அதன் ஸ்ட்ரிப்புகள் காலாவதியாகி வெகுநாள் ஆனதை மனைவி அன்றுதான் கண்டுபிடித்தாள். அது தனி விசாரணை.

உணவு ஆலோசகர் கொடுத்த பட்டியலில் எங்கள் அடுப்படிக்குத் தெரியாத பண்டம் ஒன்றுகூட இல்லை. காலையில் சர்க்கரை போடாத பால் அல்லது காபி. எட்டு மணிக்கு இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை. பதினோரு மணிக்கு ஒரு கொய்யா அல்லது மோர். மதியம் ஒரு கிண்ணம் சோறு, பருப்புக் குழம்பு, அவரைக்காயோ வெண்டைக்காயோ புடலங்காயோ இரண்டு கிண்ணம், கீரை, தயிர். நாலு மணிக்கு ஒரு கைப்பிடி சுண்டல். இரவு ஏழரைக்கு இரண்டு சப்பாத்தி, உருளைக்கிழங்கு போடாத பயறுக் குருமா. படுக்கும்போது ஒரு டம்ளர் பாலும் நாலு வேர்க்கடலையும். மூன்று வேளையில் மலையாகக் குவிந்திருந்த மாவுச்சத்தை ஏழு வேளைக்குப் பிரித்துப் போட்டிருந்தார், அவ்வளவுதான். சோற்றை ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது என்று அழுத்திச் சொன்னார். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 175 கிராம் மாவுச்சத்தாவது வேண்டும். பட்டினி கிடந்து எண்ணைக் குறைத்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோனை உண்டாக்கும், அது பிள்ளைக்கு நல்லதில்லை. அளவெல்லாம் என் மகளின் எடைக்கும் மாதத்துக்கும் போட்டது. வாசகர்கள் இதைக் கத்தரித்துத் தங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டாமல், அவரவர் ஆலோசகரிடம் வாங்கிக்கொள்வது நல்லது.

முதல் நாள் இட்லி எண்ணிக்கை பிசகவில்லை. இரண்டு இட்லிதான். காலை உணவுக்குப் பின் 146. எனக்குக் கோபம். இரண்டே இட்லிக்கு 146 எப்படி வரும்? மீட்டரைச் சந்தேகித்தேன், ஆலோசகரைச் சந்தேகித்தேன், நள்ளிரவில் மகள் எழுந்து அடுப்படிக்குப் போயிருப்பாளோ என்றுகூடச் சந்தேகித்தேன். அது நான் செய்கிற காரியம் என்பது உடனே நினைவுக்கு வந்ததால் அந்தக் கோணத்தில் மேலே போகவில்லை.

சந்தேகப்படாமல் விட்ட ஒரே பொருள் இட்லி. என் மனைவியின் இட்லித் தட்டு அவள் சீதனமாகக் கொண்டுவந்தது. குழி ஒவ்வொன்றும் ஆழம். மிருதுவாகவும் பெரிதாகவும் வரும் அந்த இட்லியைப் பற்றி எங்கள் சொந்தத்தில் பேச்சே உண்டு. மகள் மசாலா நிறுக்கும் சின்னத் தராசை எடுத்து ஒன்றை அதில் வைத்தாள். 70 கிராம். ஆலோசகர் இட்லி என்று சொன்னது 40 கிராம் இட்லி. அதில் ஏறக்குறைய 10 கிராம் மாவுச்சத்து. ஆக மகள் சாப்பிட்டது இரண்டு இட்லி இல்லை, மூன்றரை. முப்பது வருஷமாக நான் 'நாலே நாலு இட்லிதான்' என்று என் டாக்டரிடம் சொல்லிவந்த வாக்குமூலமும் அந்தத் தராசில் ஏறி இறங்கியது.

"தட்டை மாத்தணும்" என்றேன்.

"தட்டு இருக்கட்டும். மாவைக் குறைச்சு ஊத்துதேன்" என்றாள் மனைவி. சீதனப் பாத்திரம் விஷயத்தில் அவள் எந்த மருத்துவ அறிவியலுக்கும் கட்டுப்பட்டவள் அல்ல.

இங்கேதான் என் நோட்டுக்கு உண்மையான வேலை வந்தது. மகள் ஒரு நிபந்தனை போட்டாள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இட்லியைக் குறைத்து, முட்டையைச் சேர்த்து, நடந்தும் வந்து, எண் இறங்கினால் எதனால் இறங்கியது என்று தெரியாது. ஒரு தடவை வந்த எண்ணையும் நம்ப வேண்டாம், அதே சாப்பாட்டை இன்னொரு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவோம் என்றாள். மீட்டர்களுக்கே நூற்றுக்குப் பதினைந்து வரை முன்பின் காட்ட அனுமதி உண்டாம். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. அந்த நாட்களின் காலை உணவுப் பத்தியை அப்படியே தருகிறேன்:

பெரிய இட்லி 2, தேங்காய்ச் சட்னி. இரண்டு மணி நேரம்: 146.
அதே இட்லி, மறுபடியும்: 149.
சின்ன இட்லி 2, தேங்காய்ச் சட்னி: 129.
சின்ன இட்லி 2, தேங்காய்ச் சட்னி, முட்டை 1: 122.
மேற்படி, சாப்பிட்டதும் மொட்டை மாடியில் கால் மணி நடை: 111.
மேற்படி, மறுபடியும்: 114.
பருப்பு தூக்கலாக அரைத்த அடை 1, தயிர், நடை: 107.
கேழ்வரகுக் கஞ்சி 1 பெரிய டம்ளர், நடை: 151. (குறிப்பு: வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.)

கடைசி வரிக்கு விளக்கம் தேவை. கேழ்வரகு சர்க்கரைக்கு மருந்து என்பது எங்கள் தெருவின் உறுதியான நம்பிக்கை. என் மனைவி அந்த நம்பிக்கையின் கிளைச் செயலாளர். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து நிறைய இருப்பது உண்மை. கர்ப்பிணிக்கு அது நல்லதுதான். ஆனால் அதுவும் தானியம். அரிசியில் இருக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட மாவுச்சத்து அதிலும் உண்டு. நைசாகத் திரித்து, கொதிக்க வைத்துக் கஞ்சியாக்கினால் மெல்லுகிற வேலையும் மிச்சம், செரிக்கிற வேலையும் மிச்சம். விறுவிறுவென்று ரத்தத்துக்குப் போய்விடுகிறது. அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு ஒரு ரொட்டி தட்டி, கூடவே சுண்டல் கொடுத்தபோது 118 வந்தது. கேழ்வரகின் மானமும் காப்பாற்றப்பட்டது, என் மதியச் சாப்பாடும் காப்பாற்றப்பட்டது. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் மூன்றும் இதே வரிசையில் தங்கள் நியாயங்களோடு வந்து நின்றன. மீட்டர் அவற்றையும் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது.

காலை வேளைதான் கர்ப்பிணிக்குக் கடினமான வேளை என்பதும் நோட்டிலிருந்து தெரிந்தது. மதியம் ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டு 112 வருகிறவளுக்கு, காலையில் அதைவிடக் குறைந்த மாவுச்சத்துக்கே எண் ஏறியது. விடியற்காலையில் உடம்பில் சில ஹார்மோன்கள் ஓங்கி நிற்பதால் இன்சுலின் அப்போது மந்தமாக வேலை செய்கிறதாம். அதனால் பழத்தையும் பொங்கலையும் காலையில் வைக்காமல் தள்ளிப் போட்டோம். எனக்கும் காலையில் பொங்கல் நின்றது. மகளுக்குக் கர்ப்பம், எனக்கு என்ன வந்தது என்று கேட்டேன். "உங்களுக்கு வந்ததுதான் பிள்ளைக்கு வந்திருக்கு" என்று பதில் வந்தது.

நேரக் கணக்கிலும் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு மணி நேரம் என்பது சாப்பிட்டு முடித்ததிலிருந்து இல்லை. முதல் வாய் வைத்ததிலிருந்து. நான் கையில் கடிகாரத்தோடு சாப்பாட்டு மேசை அருகே நின்று, முதல் கவளம் உள்ளே போனதும் "எட்டு பன்னிரண்டு!" என்று அறிவிப்பேன். மகள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கைப்பேசியில் மணி அடிக்க வைத்துக்கொண்டு என்னைப் பதவியிலிருந்து விடுவித்தாள்.

ஒரு நாள் மதியம் 174 வந்தது. ஒரு கிண்ணம் சோறு, கீரை, மோர்க்குழம்பு, வழக்கமான சாப்பாடுதான். நோட்டில் சிவப்பு மையால் எழுதி, இரண்டு கோடு அடித்து, சம்பந்திக்குப் போன் போட்டு, மாப்பிள்ளைக்கும் சொல்லி, ஆட்டோவுக்கும் சொல்லியாகிவிட்டது. மகள் நிதானமாகத் தன் விரலை மோந்து பார்த்தாள். சற்று முன்னால் பக்கத்து வீட்டுப் பையனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்திருந்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்திப் பார்த்தாள். 116. விரலில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் பழச்சாறு போதும், எண்ணை எங்கேயோ கொண்டுபோய்விடும். கை ஈரமாக இருந்தால் ரத்தம் நீர்த்து எண் மாறும். விரலைப் பிதுக்கிப் பிதுக்கி எடுத்தாலும் சரிவராது. நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலியும் குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்த உடனே மூட வேண்டும், ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். இதெல்லாம் மீட்டர் பெட்டிக்குள் இருந்த காகிதத்திலேயே அச்சிட்டிருந்தது. அந்தக் காகிதத்தை மடித்து ஆடும் மேசைக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்த நபரைப் பற்றி இங்கே விவரிக்கத் தேவையில்லை. ஆட்டோக்காரருக்கு வந்து திரும்பிய கூலி கொடுத்தேன்.

எங்கள் ஊரில் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. தாமிரபரணித் தண்ணீரில் கிண்டியது என்ற பெருமையோடு ஆளுக்கு அரைக்கிலோ அல்வா கொண்டுவருவார்கள். கோதுமைப்பால், சர்க்கரை, நெய் மூன்றும் சேர்ந்த அந்தப் பொருளை மகள் கையால் தொடவில்லை. அல்வாவை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, அதன் பொறுப்பை ஏற்க நான் முன்வந்தேன். மனைவி அவற்றை மொத்தமாக எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்பினாள். வாழையிலைக் கிழிசலில் ஒட்டியிருந்த நெய்யை மட்டும் நான் ஆவணப்படுத்திக்கொண்டேன்.

சாப்பிட்ட பிறகு வரும் எண்களெல்லாம் இப்படி வழிக்கு வந்தன. வெறும் வயிற்று எண் மட்டும் அடங்கவில்லை. 97, 101, 98, 99. இரவுச் சாப்பாட்டை முன்னதாக வைத்தோம். படுக்கும்போது பாலுக்குப் பதில் சுண்டல் கொடுத்துப் பார்த்தோம். சப்பாத்தி இரண்டை ஒன்றரையாக்கினோம். 99. என் மகள் பரீட்சையில் ஒரு பாடத்தில் மட்டும் தவறிக்கொண்டே இருந்த பழைய நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன. அதே அப்பா முகத்தை வைத்துக்கொண்டேன். "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணணும்" என்றும் சொன்னேன்.

"தூங்கும்போது என்ன முயற்சிப்பா பண்ணச் சொல்லுதீங்க?" என்றாள்.

நியாயமான கேள்வி. டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார். விடிய விடிய நாம் எதையும் சாப்பிடாதபோது கல்லீரல் தானே சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. அதை அளவோடு வைப்பது இன்சுலின். அந்த இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, முந்தின இரவு சப்பாத்தியைத் திட்டிப் பயனில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பகல் எண்கள் ஒழுங்காகவும் காலை எண் மட்டும் இரண்டு வாரமாக ஒரே மாதிரி மேலேயும் இருந்ததால் அவருக்கு முடிவெடுப்பது சுலபமாக இருந்தது. படுக்கும் முன் கொஞ்சம் இன்சுலின், அவ்வளவுதான். சாப்பாடு அப்படியே தொடரட்டும் என்றார். இன்சுலின் பிள்ளையைப் போய்ச் சேராது என்பதையும் மறுபடி நினைவுபடுத்தினார். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தைப் பார்த்து ஒரு கணம் நிறுத்தி, சிரிக்காமல் கையெழுத்தும் போட்டார். என் முப்பது வருஷ அலுவலக வாழ்வில் எந்த அதிகாரியும் அவ்வளவு சீக்கிரம் கையெழுத்துப் போட்டதில்லை.

ஊசி என்றதும் எனக்குக் கால் தளர்ந்தது. என் டாக்டர் இன்சுலின் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளிவந்தவன் நான். மகள் முதல் இரவே வயிற்றின் ஓரத்தில் சதையை மெதுவாகப் பிடித்து, தானே போட்டுக்கொண்டாள். தைரியம் சொல்வதற்காகப் பக்கத்தில் நின்ற எனக்குத்தான் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இன்சுலின் வந்த பிறகு நோட்டில் ஒரு புது விதி சேர்ந்தது. எண் 70-க்குக் கீழே இறங்கினாலோ, கை நடுங்கி வியர்த்துப் படபடத்தாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதற்காகச் சர்க்கரை டப்பா ஒன்று மகள் கட்டிலருகே தயாராக வைக்கப்பட்டது. அதிலிருந்த அளவு அவ்வப்போது குறைந்ததாக மனைவி சொல்கிறாள். மகளுக்கு எண் இறங்கியதாக நோட்டில் பதிவு எதுவும் இல்லை. வெறும் வயிற்று எண் படிப்படியாக இறங்கி 88, 91 என்று நின்றது.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. அதைக் கண்டுபிடித்தவர்களுக்கும் கர்ப்பகாலச் சர்க்கரைக்கும் நல்ல பொருத்தம். இன்சுலின் திணறும் கடைசி மாதங்களாகப் பார்த்து, பிள்ளைத்தாய்ச்சியை மனையில் உட்கார வைத்து, புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று சாதத்திலேயே ஒரு மாநாடு நடத்துவது நம் வழக்கம். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்ல்லா" என்று பெரியத்தை ஆளுயரக் கரண்டியோடு வந்தார். நான் நோட்டை அணைத்துக்கொண்டு குறுக்கே நின்றேன். பெரியத்தை என்னைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவர். ஒரு கையால் ஒதுக்கிவிட்டார்.

மகளே சமாளித்தாள். முதலில் சுண்டலும் அவியலும் ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிட்டாள். காயும் பயறும் முதலில் உள்ளே போனால், பின்னால் வரும் சோற்றின் சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறும். பிறகு ஒவ்வொரு சாதத்திலும் ஒரு மேசைக்கரண்டி. நான்கு சாதமும் சேர்ந்து அவளுடைய வழக்கமான ஒரு கிண்ணத்துக்குள் அடங்கின. சர்க்கரைப் பொங்கலைப் பெரியத்தை ஊட்டியபோது ஒரு விரல்நுனி வாங்கிக்கொண்டு வாயை மூடிவிட்டாள். பிறகு கை நிறைய வளையல் குலுங்க, வந்த பெண்களோடு பேசிக்கொண்டே முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். இரண்டு மணி நேரத்தில் 127. இலக்கைத் தாண்டித்தான் இருந்தது. நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். "ஒரு வேளையை வச்சு ஒண்ணும் ஆகாது, எண்ணெல்லாம் எந்தப் பக்கம் சாயுதுன்னுதான் பார்க்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்லா" என்று அவள் நீலப் பேனாவை நீட்டினாள். நீலத்திலேயே எழுதினேன். அன்று எனக்கு எத்தனை என்று யாரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

பேத்தி பிறந்தாள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பிறந்ததும் அவள் குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. உடனே தாய்ப்பால் கொடுக்கச் சொன்னார்கள். நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகு அதன் ஹார்மோன்களும் போய்விடுவதால் மகளுக்கு இன்சுலினை நிறுத்தினார்கள். வீட்டில் எல்லோரும் சர்க்கரை போய்விட்டது என்று பேசினார்கள். முதல் ஆளாகப் பேசியவர் பெரியத்தை. இரண்டாவது ஆள் யார் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

டாக்டரம்மா எங்களை அப்படி விடவில்லை. பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் அதே 75 கிராம் குளுக்கோஸ் சோதனை ஒன்று உண்டு. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் அந்தச் சோதனையும், அது சரியாக வந்தாலும் அதற்குப் பின் வருஷத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனையும், அடுத்த பிள்ளை உண்டானால் ஆரம்பத்திலேயே ஒரு சோதனையும் வேண்டும். பிள்ளைக்குப் பேர் வைக்கிற, தொட்டில் போடுகிற, தடுப்பூசி போடுகிற அமளியில் வீடுகளில் தாயின் சோதனையைத்தான் முதலில் மறந்துபோகிறார்கள். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், பிரசவத் தேதியிலிருந்து ஆறு வாரம் எண்ணி அந்த நாளை இப்போதே காலண்டரில் வட்டமிட்டுவிடுங்கள்.